முக்கியச் சொல் முன்னால்: மின்னஞ்சல் தலைப்பைத் தமிழாக்குவது எப்படி

ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பருவக் கட்டணத்துக்கான கடைசித் தேதி அக்டோபர் 20இலிருந்து 10க்கு வந்துவிட்டது, அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் போனது. தமிழ் மின்னஞ்சல் போன வீடுகளில் பலர் 20ஆம் தேதியையே நம்பிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை, சந்திகூடச் சரி. ஆனால் சொல்ல வந்த விஷயம் போன் திரையில் தெரியவே இல்லை.

'தலைப்புதானே, நாலு வார்த்தை, அப்படியே போடு' என்பார்கள். இல்லாவிட்டால் 'தமிழ் வார்த்தைகள் நீளம், அதனால்தான் வெட்டுப்படுகிறது, என்ன செய்வது' என்பார்கள். முதலாவது தவறு. இரண்டாவது கால்வாசிதான் சரி. உண்மையான காரணம் நீளம் இல்லை, வரிசை.

## பேருந்துப் பலகை

வெளியூர்ப் பேருந்தின் முன்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 'திருச்சி' என்று பெரிதாக இருக்கும், 'வழி: விழுப்புரம்' என்பது சின்னதாகக் கீழே இருக்கும். பலகை முழுக்க ஒரே அளவு எழுத்தில் 'விழுப்புரம், பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சிப் பேருந்து' என்று எழுதினாலும் இலக்கணப்படி தப்பில்லைதான். ஆனால் அதைப் படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். இன்பாக்ஸைப் பார்க்கிறவரும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர் மாதிரிதான். அவர் படிப்பதில்லை, நமக்கான வண்டியா இல்லையா என்று பார்த்துத் தள்ளிக்கொண்டே போகிறார்.

மின்னஞ்சலைத் திறக்காமலே பட்டியலில் தெரியும் அந்த ஒற்றை வரிக்குத்தான் ஆங்கிலத்தில் சப்ஜெக்ட் என்கிறோம். நம் அலுவலகக் கடிதங்களில் 'பொருள்:' என்று வருமே, அதுதான். இந்தக் கட்டுரையில் அதைப் 'பொருள் வரி' என்றே சொல்கிறேன்.

போனை நிமிர்த்திப் பிடித்தால் பொருள் வரியில் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 35, 40 எழுத்து தெரியும். தமிழில் எழுத்தே அகலம் என்பதால் என் போனில் 25, 26 எழுத்தோடு புள்ளி புள்ளியாகிவிடுகிறது. இது போனுக்குப் போன், செயலிக்குச் செயலி மாறும், கணினித் திரையில் இன்னும் தாராளமாக இருக்கும். அகலத்தை வைத்து வெட்டுகிறார்களே தவிர எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை, அதனால் சரியான எண் என்று ஒன்று கிடையாது. முதல் 20 எழுத்துக்குள் விஷயம் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

## இன்ஜின் எந்தப் பக்கம்?

அந்தப் பள்ளியின் ஆங்கில வரி இது:

```
Change in deadline for payment of Term 2 fees
```

இதில் பெரிய சொல் முதல் சொல்லே. மாற்றம். எதில் மாற்றம்? கடைசித் தேதியில். எதற்கான தேதி? கட்டணம் செலுத்த. எந்தக் கட்டணம்? இரண்டாம் பருவத்துக்கு. ரயிலில் இன்ஜின் முன்னால் இருந்து பெட்டிகள் பின்னால் வருவது போல. இப்படி ஒரு தொடரில் மற்ற எல்லாச் சொற்களும் எதற்கு அடைமொழியாக நிற்கின்றனவோ, அந்தச் சொல்லைத் தலைச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நான் முதலில் எழுதிய தமிழ் வரி:

'இரண்டாம் பருவக் கட்டணம் செலுத்துவதற்கான கடைசித் தேதியில் மாற்றம்'

கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பிவிட்டது. தமிழில் அடைமொழி முன்னால்தான் வரும். 'சிவப்புச் சட்டை' என்பதில் தொடங்கி 'நேற்று கடையில் அப்பா வாங்கி வந்த சிவப்புச் சட்டை' வரை சட்டை கடைசியில்தான். இன்ஜின் கடைசியில் நின்று தள்ளுகிறது. முழு ரயிலும் தெரிந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, நாம் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் ரயில்வே கேட் இடுக்கு வழியாக முதல் மூன்று பெட்டி மட்டும்தான் தெரியும் என்றால், ஆங்கிலக்காரருக்கு இன்ஜின் தெரியும், நமக்குப் பெட்டி தெரியும்.

பெற்றோரின் போனில் தெரிந்தது 'இரண்டாம் பருவக் கட்டணம் செலுத்…' என்பதுதான். கட்டணம் கட்டச் சொல்கிறார்கள், தெரிந்த விஷயம்தானே, 20ஆம் தேதிக்குள் கட்டிக்கொள்ளலாம். திறந்து பார்க்க என்ன அவசியம்?

ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் தலைச்சொல்லை வைக்கும் பழக்கம் உண்டு, அப்போது அவர்களுக்கும் இதே கதிதான். ஆனால் அவர்களுக்கு இரண்டு வரிசையும் கைவசம் இருக்கிறது, பிடித்ததை எடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. 'மாற்றம் கடைசித் தேதியில்' என்று திருப்பிப் போட்டால் அது சுவரொட்டி வாசகம் மாதிரி ஆகிவிடும், பள்ளிக்கூடக் கடிதத்துக்குப் பொருந்தாது.

இதுவரை சொன்னது: ஆங்கிலத் தொடரை முறையாகத் தமிழாக்கினாலே தலைச்சொல் பின்னால் போய்விடும். திரை பின்பக்கத்தை வெட்டும். இரண்டும் சேர்ந்தால் வெட்டுப்படுவது முக்கியமான சொல்தான்.

## நம் பழைய பொருள் வரி

தமிழில் பொருள் வரி எழுதும் மரபே இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. அரசு அலுவலகக் கடிதங்களில் இப்படி வரும்: 'பொருள்: பள்ளிக் கல்வி – அரசுப் பள்ளிகள் – கட்டடப் பழுது – நிதி ஒதுக்கீடு – ஆணை வெளியிடுதல் – தொடர்பாக'. பெரிய துறையில் தொடங்கிப் படிப்படியாகச் சுருங்கி, என்ன முடிவு என்பது கடைசியில் வருகிறது. இதைக் கேலி செய்வது சுலபம், ஆனால் இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. அது காகிதக் கோப்புக்காக எழுதப்படுவது. எந்தப் பிரிவின் கோப்பு, எந்தக் கட்டில் சேர்க்க வேண்டும் என்பதுதான் தபாலைப் பிரிக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டும். முடிவை அறிய வேண்டியவர் எப்படியும் முழுக்கப் படிப்பார்.

அதே வரியைப் போனுக்கு அனுப்பினால் 'பள்ளிக் கல்வி – அரசுப் பள்…' என்று நிற்கும். மின்னஞ்சலைத் தமிழாக்குகிற பலருக்குக் கை தானாகவே இந்தப் பழைய அச்சுக்குப் போய்விடுகிறது, அதிலும் கடைசியில் 'குறித்த அறிவிப்பு', 'தொடர்பாக' என்று ஒரு வால் ஒட்டாமல் மனம் கேட்காது. மின்னஞ்சல் என்றாலே ஏதோ ஒன்றைப் பற்றியதுதான். வாலை வெட்டிவிடலாம், அது எதையும் சொல்வதில்லை.

நமக்குக் கைகொடுப்பது இன்னொரு மரபு, செய்தித்தாள் தலைப்பு. 'மதுரையில் கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை'. நீளமான ஒரு தொடரை இரண்டாக உடைத்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்து, ஒவ்வொரு துண்டும் தனக்குத் தானே முடிகிற மாதிரி எழுதுகிறார்கள். இதனால் என்ன லாபம் என்றால், தமிழ் இலக்கணம் ஒரு துண்டுக்குள் மட்டும்தான் தலைச்சொல்லைக் கடைசியில் வைக்கச் சொல்கிறது. எந்தத் துண்டு முதலில் வர வேண்டும் என்று அது சொல்வதில்லை. அது நம் கையில் இருக்கிறது. ஒரு நீள ரயிலை இரண்டு குட்டி ரயிலாக்கினால் முதல் இன்ஜின் கேட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

## கட்டண வரியைச் சரிசெய்தது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பெற்றோர் இதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும்? அக்டோபர் 10க்குள் பணம் கட்ட வேண்டும். ஆங்கில வரியில் தேதியே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு தலைப்பை மொழிபெயர்க்கவே கூடாது. கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

அடுத்து 'மாற்றம்' என்ற சொல். கடைசித் தேதியில் மாற்றம் என்றால் நம் ஊரில் யாரும் தேதி முன்னதாக வந்துவிட்டதாக நினைக்கமாட்டார்கள், நீட்டித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். எத்தனை விண்ணப்பத் தேதி அப்படி நீண்டிருக்கிறது! ஆக, வெட்டுப்படாமல் முழு வரியும் தெரிந்திருந்தால்கூடப் பாதிப் பேர் நிம்மதியாகத் தள்ளிப்போட்டிருப்பார்கள். இது ஆங்கில வரியிலேயே இருந்த மங்கல். தமிழாக்கும்போது அதைத் தெளிவாக்கினால் மூலத்தை மீறியதாகாது, கடிதத்தின் உள்ளே அந்த விஷயம் இருக்கிறதே.

உடன் வேலை செய்த ஒருவர் 'கட்டணம் அக். 10க்குள், 20 அல்ல' என்று போடலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது. போனில் அனுப்பிப் பார்த்தோம். எழுத்தைப் பெரிதாக வைத்திருந்த ஒரு போனில் 'கட்டணம் அக். 10க்குள், 20…' என்று தெரிந்தது. 10இலிருந்து 20க்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம் என்று படித்தால் யாரைக் குறை சொல்வது?

கடைசியில் நின்றது இது: 'கட்டணம் அக். 10க்குள்: 2ஆம் பருவக் கெடு 10 நாள் முன்னதாகவே'. முக்காற்புள்ளி வரைக்கும் இடைவெளியையும் சேர்த்து 16 எழுத்துதான். அதற்குப் பின்னால் எங்கே வெட்டினாலும் முதல் துண்டு பொய் சொல்லாது. 'பள்ளிக் கட்டணம்' என்று போடவில்லை, ஏனென்றால் அனுப்புநர் பெயராகப் பள்ளியின் பெயர் மேலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. 'உங்கள்' என்பதையும் சேர்க்கவில்லை. ஆங்கிலத் தலைப்புகளில் 'யுவர்' அடிக்கடி வரும், தமிழில் கட்டணம் என்றாலே கட்ட வேண்டியவருடையதுதான். இந்த 'உங்கள்' ஒன்றை மட்டும் எடுத்தாலே பல தலைப்புகளில் முன்பக்கத்தில் ஐந்து இடம் மிச்சமாகும்.

இன்னொன்றும் செய்தோம். பட்டியலில் பொருள் வரிக்குக் கீழே கடிதத்தின் முதல் சில சொற்கள் மங்கலாகத் தெரியுமே, முன்னோட்ட வரி, அதில் எப்போதும் 'மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்' என்றுதான் தெரியும். நல்ல இடம் வணக்கத்துக்கே போய்விடுகிறது. வணக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனசில்லை, அதனால் அதற்கும் மேலே ஒரே ஒரு வரி சேர்த்தோம்: '20ஆம் தேதி என்று முன்பு சொன்னது மாறிவிட்டது.' அதன் பிறகு வணக்கம்.

சுருக்கமாக: கடிதத்தைப் படி, வாசகர் செய்ய வேண்டியதை எடு, அதை முதல் துண்டாக முடி, காரணத்தையும் விவரத்தையும் இரண்டாம் துண்டுக்குத் தள்ளு. அதற்கும் இடம் இல்லையென்றால் முன்னோட்ட வரி இருக்கிறது.

## 'இல்லை' வெட்டுப்பட்டால்

வரிசைச் சிக்கலில் இதுதான் மிக மோசமானது. ஆங்கிலத்தில் மறுப்பு முதலிலேயே வந்துவிடும்:

```
No classes on Saturday for Grades 6 to 8
```

தமிழில் மறுப்பு வினையோடு ஒட்டிக் கடைசியில் வரும், அதுவும் ஓரிரு எழுத்தாக. 'நடைபெறும்', 'நடைபெறாது' இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்றுதான். '6 முதல் 8ஆம் வகுப்பு வரை சனிக்கிழமை வகுப்புகள் நடைபெறாது' என்று எழுதினால் 'சனிக்கிழமை' வரும்போதே வெட்டிவிடும். அதற்கு மேல் கொஞ்சம் தெரிகிற திரை இன்னும் ஆபத்து. 'சனிக்கிழமை வகுப்புகள் நடை…' என்பதைப் படிப்பவர் வகுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பிவிடுவார். விஷயம் மறைந்தால்கூடப் பரவாயில்லை, இங்கே தலைகீழாகிறது.

இதற்கு நம்மிடம் நல்ல மருந்து உண்டு: வடிவத்தில் மறுப்பு இல்லாமல் பொருளில் மறுப்பாக இருக்கும் பெயர்ச்சொற்கள். விடுமுறை, ரத்து, தடை, நிறுத்தம், ஒத்திவைப்பு. இவை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். 'சனி விடுமுறை: 6, 7, 8ஆம் வகுப்புகள்' என்று போடலாம். ஆனால் இது எல்லாப் பெற்றோருக்கும் போகிற மடல் என்றால் பத்தாம் வகுப்புக்காரர் 'சனி விடுமுறை' வரை பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடுவார். அப்போது '6–8ஆம் வகுப்பு: சனி விடுமுறை' என்பதுதான் சரி. யாருக்கு என்பது முதலில், என்ன என்பது பிறகு, இரண்டும் 20 எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

'தேவையில்லை' என்பதும் இதே ரகம். 'மீண்டும் விண்ணப்பிக்கத் தேவையில்லை' என்ற தலைப்பில் பின்பக்கம் போனால் மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்வதாக ஆகிவிடும். 'பழைய விண்ணப்பமே போதும்' என்றால் வெட்டுப்பட்டாலும் தப்பாகாது.

## ஓர் எழுத்தில் முடிகிற வேலை

தமிழுக்கு இடம் பத்தாது என்று புலம்புகிறவர்கள் கவனிக்காத ஒன்று: ஆங்கிலம் தனிச்சொல்லாக வைப்பதைத் தமிழ் பல இடங்களில் ஓர் ஒட்டில் முடித்துவிடும்.

```
Now open on Saturdays
```

இதை 'இப்போது சனிக்கிழமைகளில் திறந்திருக்கும்' என்று மாற்றியிருந்த ஒரு நூலக அறிவிப்பைப் பார்த்தேன். 'நவ்' என்பது இங்கே இந்த நிமிடத்தைச் சொல்லவில்லை, இதுவரை இல்லாதது தொடங்குகிறது என்கிறது. அதற்கு நம் சொல் 'இனி'. மற்ற நாட்களோடு சனியும் சேர்கிறது என்பதற்கு 'உம்'. 'இனி சனிக்கிழமையும் உண்டு' என்றால் போதும், அனுப்புநர் நூலகம் என்பது மேலேயே தெரிகிறது. 'இனி', 'உம்', 'ஏ', 'க்குள்' ஆகிய நான்கும் கையில் இருந்தால் பாதித் தலைப்புகள் ஆங்கிலத்தைவிடச் சின்னதாக வரும். மேலே 'முன்னதாகவே' என்பதில் அந்த 'ஏ' என்ன செய்கிறது பாருங்கள், அதை எடுத்துவிட்டால் எச்சரிக்கை காணாமல் போய்விடும்.

இடக்கணக்கு பற்றி ஒரு சின்ன விஷயம். '50 கேரக்டருக்குள் கொடுங்கள்' என்று கேட்பவர்களுக்குக் கணினி எண்ணுவதும் நாம் எண்ணுவதும் வேறு என்று தெரிவதில்லை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. திரையில் ஆகிற அகலமோ இந்த இரண்டோடும் சேராத மூன்றாவது கணக்கு. அதனால் எண்ணிக்கொண்டிருக்காமல் உங்களுக்கே ஒரு மடல் அனுப்பிப் போனில் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

## தலைப்பா, கட்டளையா?

சின்னத் தலைப்புகளில் இன்னொரு குழி இருக்கிறது, அது நீளத்தோடு சம்பந்தப்பட்டதில்லை. வினையா பெயரா என்று சொல்லும் விகுதி ஆங்கிலச் சொற்களில் பல சமயம் இருக்காது. வாக்கியமாக வந்தால் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டே சொல் என்றால் முடியாது.

```
Open issues
```

மொழிபெயர்க்கக் கொடுத்த அட்டவணையில் இந்த இரண்டு சொல் மட்டும் வந்தால் 'சிக்கல்களைத் திற' என்று போடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் 'தீராத சிக்கல்கள்' என்ற தலைப்பாகத்தான் இருக்கும். ஆர்டர், ரிப்போர்ட், ஆர்க்கைவ் எல்லாம் இப்படித்தான், ஒவ்வொன்றும் பொத்தானில் இருந்தால் கட்டளை, பக்கத்தின் மேலே இருந்தால் பெயர். தமிழில் இந்த இரண்டும் ஒரே சொல்லாக இருக்க முடியாது, 'புகார் செய்' வேறு, 'அறிக்கை' வேறு. அனுப்பியவரிடம் திரைப்படம் ஒன்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. கொட்டகையில் ஓடும் படம் இல்லை, ஸ்கிரீன்ஷாட்.

## Re: மட்டும் அப்படியே இருக்கட்டும்

பதில் மடலில் தானாக வரும் Re: என்பதைச் சிலர் ஆர்வத்தில் 'பதில்:' என்று மாற்றுகிறார்கள். அது மனிதருக்காக மட்டும் இருப்பதில்லை, மின்னஞ்சல் மென்பொருளும் அதைப் படிக்கிறது. பழக்கமில்லாத முன்னொட்டைப் பார்த்தால் சில மென்பொருள்கள் புதிதாக இன்னொரு Re: போட்டுவிடும், நாலு முறை போய்வந்தால் பொருள் வரி முழுக்க 'பதில்: Re: பதில்: Re:' ஆகி விஷயத்துக்கு இடமே இருக்காது. நடுவில் தலைப்பையே தமிழாக்கினாலும் சிக்கல்தான், ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற உரையாடலின் வரியைத் தொடாமல், தமிழ்ச் சுருக்கத்தை உள்ளே முதல் வரியில் வையுங்கள். வேடிக்கை என்னவென்றால், Re: என்பது ஆங்கிலமே இல்லை, 'இந்த விஷயத்தில்' என்று பொருள்படும் லத்தீன் சொல். நம் 'பொருள்:' செய்கிற வேலைதான்.

## தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு

எதிர்ப்பக்கம் போகும்போது குழி இடம் மாறும். குடியிருப்புச் சங்கத்தில் இப்படி எழுதுவார்கள்: 'தொட்டி சுத்தம் செய்வதால் நாளை காலை 10 முதல் 2 வரை தண்ணீர் வராது'. காரணம், நேரம், விஷயம் என்பது நமக்கு இயல்பான ஓட்டம். இதை அதே வரிசையில் ஆங்கிலமாக்கினால் தொட்டி சுத்தம் செய்வதில் தொடங்கும், இலக்கணமும் அதைத் தடுக்காது. ஆனால் ஆங்கில வாசகர் விஷயத்தை முதலில் எதிர்பார்ப்பவர். அவருக்கு இப்படி:

```
No water tomorrow, 10 am–2 pm (tank cleaning)
```

இதைச் செய்து முடித்ததும் நான் வழக்கமாகத் தமிழ் வரியிடம் திரும்பிப் போவேன். பெரும்பாலும் அதையும் 'நாளை 10–2 தண்ணீர் நிறுத்தம்: தொட்டி சுத்தம்' என்று மாற்றச் சொல்ல வேண்டியிருக்கும். சங்கச் செயலாளருக்கு முதலில் பிடிக்கவில்லை, 'என்னங்க இது, பேப்பர் தலைப்பு மாதிரி இருக்கு' என்றார். அடுத்த முறை லிப்ட் பழுதானபோது அவரே 'லிப்ட் நிறுத்தம்: மாலை 6 வரை' என்று எழுதி அனுப்பியிருந்தார்.